மக்ரிபுக்கு வந்துவிடுங்கள்

கலிமா சொல்லி இஸ்லாத்துக்குள் வந்திருக்கும் ஒருவரிடம் முதலில் எதைச் சொல்வது என்ற கேள்வி எனக்குள் நெடுநாளாகச் செரிக்காமல் கிடக்கிறது. பள்ளிவாசலை ஒட்டிய கூடங்களில் அஸருக்கும் மக்ரிபுக்கும் நடுவே நடக்கும் வரவேற்புப் பேச்சுகளைக் கேட்டிருக்கிறேன், நானும் பேசியிருக்கிறேன். பேச்சு எப்போதும் ஒரே தடத்தில்தான் போகும். கடமைகள் ஐந்து, நம்பிக்கைகள் ஆறு, ஒளுவின் ஃபர்ளுகள், ஒளுவை முறிப்பவை, தொழுகையின் நிபந்தனைகள், உண்ணக்கூடாதவை, வட்டி, உடை, பெயர். பேச்சு முடிந்ததும் தேநீர் வரும். ஒரு துணிப்பையில் குர்ஆனின் தடித்த தமிழ் மொழிபெயர்ப்பும், தொழுகை முறை நூலும், கையடக்கமான துஆப் புத்தகமும் வைத்துத் தருவார்கள். பையை வாங்குகிறவர் நாற்பது வயதுக்காரராக இருக்கலாம், கட்டட வேலை பார்க்கிறவராக இருக்கலாம், பேத்தி பார்த்துவிட்டவராக இருக்கலாம். பள்ளிக்கூடத்தை விட்டு வந்து எவ்வளவோ காலமாகிவிட்ட ஒருவரை மறுபடி பரீட்சைக்கு அனுப்புவதைப்போல அந்தப் பை எனக்குத் தெரியும். பட்டியலில் தவறு ஏதும் இல்லை. அதிலுள்ள ஒவ்வொன்றும் உண்மை, ஒவ்வொன்றும் ஒருநாள் தேவைப்படும். ஆனாலும் அத்தனையும் ஒரே மாலையில் சொல்லப்படும்போது, கேட்கிறவருக்கு இன்று இரவு தான் என்ன செய்யவேண்டும் என்பது மட்டும் தெரியாமல் போய்விடுகிறது. என் உறுத்தல் அந்த இடத்தில்தான் இருக்கிறது.

முஆத் இப்னு ஜபலை நபிகள் யமனுக்கு அனுப்பியபோது சொல்லிவிட்ட செய்தியை இந்தப் பேச்சுகளில் அடிக்கடி எடுத்துக்காட்டுகிறோம். முதலில் இறைவன் ஒருவனே என்பதையும் தன்னுடைய தூதுவத்தையும் ஏற்கும்படி அழைக்கச் சொன்னார்கள். அதை அவர்கள் ஏற்றுக்கொண்டால் ஐந்து வேளைத் தொழுகையைச் சொல்லவேண்டும். அதையும் ஏற்றுக்கொண்டால் செல்வத்தில் ஏழைகளுக்குரிய ஜகாத்தைச் சொல்லவேண்டும். நாம் இதிலிருந்து மூன்று தலைப்புகளை எடுத்துக்கொண்டு, அவற்றுக்கு நடுவே இரண்டு முறை வரும் அந்த ‘ஏற்றுக்கொண்டால்’ என்பதைக் கைவிட்டுவிட்டோம். ஒன்று உள்ளே இறங்கிய பிறகுதான் அடுத்ததைச் சொல்லவேண்டும் என்ற பொறுமை அங்கே கட்டளையாகவே இருக்கிறது. குர்ஆன் இறங்கிய முறையைப் பற்றி ஆயிஷா நாயகி சொன்னதும் புகாரியில் பதிவாகியிருக்கிறது. முதலில் இறங்கியவை சொர்க்கத்தையும் நரகத்தையும் பேசின, மக்கள் இஸ்லாத்தில் நிலைகொண்ட பிறகே ஆகுமானதும் ஆகாததும் வந்தன, எடுத்த எடுப்பில் மது கூடாது என்று இறங்கியிருந்தால் அதை ஒருநாளும் விடமாட்டோம் என்றிருப்பார்கள் என்ற கருத்தில் அவர்கள் பேசுகிறார்கள். இன்று சட்டம் முழுமையடைந்துவிட்டது, யாருக்கும் அதைத் தவணையில் தளர்த்தித்தர நமக்கு அதிகாரமில்லை என்று ஓர் ஆலிம் என்னிடம் சொன்னார். அவர் சொன்னது சரி. நான் தளர்த்துவதைப் பற்றிப் பேசவில்லை. கற்றுக்கொடுக்கும் வரிசையைப் பற்றிப் பேசுகிறேன். கடமை எல்லாம் இன்றே கடமையாக இருக்க, அவற்றில் எதை இன்று கையில் பிடித்துக்கொடுப்பது என்பது கற்பிக்கிறவரின் பொறுப்பாகவே எஞ்சி நிற்கிறது.

இதை யோசிக்கும்போதெல்லாம் முஆவியா இப்னுல் ஹகம் என்ற தோழரிடம்தான் போய் நிற்கிறேன். ஸுலைம் கூட்டத்தைச் சேர்ந்தவர், அறியாமைக் காலத்திலிருந்து புதிதாக வந்தவர் என்று தன்னைத் தானே சொல்லிக்கொள்கிறவர். ஒருநாள் நபிகளுக்குப் பின்னால் ஜமாஅத்தில் நின்று தொழுதுகொண்டிருக்கிறார். வரிசையில் யாரோ தும்மினார். இவர் உடனே தும்மியவருக்காக இறைவனின் கருணையை வேண்டி, வாய்விட்டுச் சொல்லிவிட்டார். சுற்றிலும் இருந்தவர்கள் கண்ணால் சுட்டார்கள். இவருக்கு என்ன நடக்கிறது என்றே புரியவில்லை. ஏன் எல்லோரும் என்னை இப்படிப் பார்க்கிறீர்கள் என்று அதையும் தொழுகைக்குள்ளேயே கேட்டுவிட்டார். அவர்கள் கைகளால் தொடையில் தட்டத் தொடங்கினார்கள். தன்னை வாயை மூடச் சொல்கிறார்கள் என்று அப்போதுதான் விளங்கி அடங்கினார். தொழுகை முடிந்தபின் நபிகள் அவரைக் கடிந்துகொள்ளவில்லை, அடிக்கவில்லை, ஏசவில்லை. இந்தத் தொழுகையில் மனிதர்களின் பேச்சு எதுவும் தகாது, இது துதிப்பதும் பெருமைப்படுத்துவதும் குர்ஆன் ஓதுவதும்தான் என்று மட்டும் சொன்னார்கள். அவருக்கு முன்னும் சரி, பின்னும் சரி, அவரைவிட அழகாகக் கற்றுக்கொடுத்த ஒருவரை நான் கண்டதில்லை என்று முஆவியா பின்னாளில் நினைவுகூர்கிறார். இது ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது.

இந்த நிகழ்ச்சியை நபிகளின் மென்மைக்குச் சான்றாகச் சொல்லி நாம் நகர்ந்துவிடுவது வழக்கம். அபூதாவூதில் இதே நிகழ்ச்சியின் இன்னோர் அறிவிப்பு வருகிறது, என்னைப் பிடித்து நிறுத்தியது அதுதான். அதில் முஆவியா தொடக்கத்திலேயே ஒன்றைச் சொல்கிறார். நான் வந்து சேர்ந்தபோது எனக்கு இஸ்லாத்தின் சில காரியங்கள் கற்றுத்தரப்பட்டன, தும்மியவர் இறைவனைப் புகழ்ந்தால் பக்கத்திலிருப்பவர் அவருக்காகக் கருணையை வேண்டவேண்டும் என்பது அவற்றில் ஒன்று என்கிறார். ஆக, அவர் தெரியாமல் பேசியவர் அல்ல. தெரிந்ததைத்தான் செய்தார். கற்றுக்கொண்ட ஒரு நல்ல காரியத்தை, அது வரக்கூடாத இடத்தில் வைத்துவிட்டார். வயதுவந்தபின் மார்க்கத்துக்குள் வருகிற ஒருவரின் சிக்கல் பெரும்பாலும் இதுதான் என்று எனக்குப் படுகிறது. அவருக்குத் துண்டு துண்டாக நிறையத் தெரிந்திருக்கிறது, நம் துணிப்பை இன்னும் நிறையத் தருகிறது. எது எங்கே பொருந்தும் என்பது தெரியவில்லை. முஸ்லிம் வீட்டில் பிறந்த குழந்தை தகப்பனின் காலடியில் உட்கார்ந்து, சஜ்தாவில் இருக்கும் தாயின் முதுகில் ஏறி, ஒன்றும் கற்காமலே அந்த இடங்களை அறிந்துகொள்கிறது. எப்போது பேசலாம், எப்போது கூடாது, செருப்பை எங்கே விடுவது, தொழுகிறவருக்கு முன்னால் ஏன் குறுக்கே போகக்கூடாது என்பதை எந்தப் புத்தகமும் அதற்குச் சொல்லவில்லை. புதிதாக வந்தவருக்குக் கிடைக்காமல் போனது அதுதான். பட்டியல் அதை ஈடுசெய்யாது. முஆவியாவைத் திரும்பத் தொழும்படி நபிகள் சொன்னதாகச் செய்தியில் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். புதிதாக வந்தவர் அறியாமல் சிறிதளவு பேசிவிட்டால் தொழுகை முறிவதில்லை என்று இமாம் நவவி போன்ற ஷாஃபிஈ அறிஞர்கள் இதிலிருந்து சட்டம் எடுத்திருக்கிறார்கள். வரிசையில் நின்று தவறுவதற்கு அவருக்கு இடம் விடப்பட்டிருக்கிறது. நம் ஊர்ப் பள்ளிகளில் தொடையில் தட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், கண்ணால் சுடுகிறவர்களும் இருக்கிறார்கள். தொழுகை முடிந்து பக்கத்தில் வந்து உட்காரும் ஒருவர்தான் குறைவு.

அதனால் இப்போதெல்லாம் நான் பேசும்போது பட்டியலை ஒதுக்கிவைத்துவிட்டு ஒன்றை மட்டும் சொல்கிறேன்: மக்ரிபுக்கு வந்துவிடுங்கள். ஐந்து வேளையும் கடமைதான், அதில் மாற்றமில்லை. ஆனால் கற்றுக்கொள்வதற்கென்று ஒரு வேளையைப் பிடிப்பதானால் அது மக்ரிபாக இருக்கட்டும். காரணம் எளிமையானது. ஒரு நாளின் ஃபர்ளுத் தொழுகை 17 ரக்அத். சுபுஹு 2, லுஹர் 4, அஸர் 4, மக்ரிப் 3, இஷா 4. இந்த 17-இலும் ஃபாத்திஹா ஓதப்படுகிறது. ஆனால் இமாம் அதைக் குரலெடுத்து ஓதுவது சுபுஹின் இரண்டிலும், மக்ரிப், இஷா இரண்டின் முதல் இரண்டிரண்டு ரக்அத்களிலும்தான். லுஹரிலும் அஸரிலும் இமாமின் உதடு மட்டுமே அசையும். புதியவர் லுஹருக்கு வந்து நின்றால் நான்கு ரக்அத்தும் மின்விசிறிச் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டு நிற்பார். மக்ரிபுக்கும் இஷாவுக்கும் வருகிறவர் நாளொன்றுக்கு நான்கு முறை ஃபாத்திஹாவைக் காதால் கேட்கிறார். மக்ரிபில் இமாம்கள் பெரும்பாலும் சிறிய சூராக்களையே ஓதுகிறார்கள், அவையே மறுபடி மறுபடி வரும். மூன்றாவது ரக்அத் மௌனமாகப் போகும், அதில் அவர் சற்றுமுன் கேட்டதை உள்ளுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொள்ளலாம். வேலை முடிந்து திரும்புகிற நேரம் என்பதால் வருவதும் எளிது. பாங்குக்குச் சற்று முன்பே வந்து ஹவுளின் கரையில் உட்காருங்கள் என்பேன். ஒளுவின் சட்டங்களைப் படித்துவிட்டு வரவேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவரின் கையைப் பாருங்கள். அவர் முகத்தைக் கழுவினால் நீங்களும் கழுவுங்கள், முழங்கைவரை கழுவினால் நீங்களும் கழுவுங்கள், ஈரக்கையால் தலையைத் தடவினால் தடவுங்கள், கணுக்கால்வரை காலைக் கழுவினால் கழுவுங்கள். குர்ஆன் பெயர் சொல்லிக் கட்டளையிடுவது இந்த நான்கைத்தான். வாய் கொப்பளிப்பதும் மூக்குக்கு நீர் செலுத்துவதும் மூன்று மூன்று தடவை கழுவுவதும் அந்தப் பெரியவரின் கையிலிருந்தே தானாக உங்களுக்கு வந்துசேரும்.

உடனே ஒரு கேள்வி எழும், எழவேண்டும். ஃபாத்திஹாவே தெரியாத ஒருவர் வரிசையில் நின்றால் அந்தத் தொழுகை என்ன ஆகும்? இந்தப் பயத்தில்தான் பலர் முதலில் வீட்டில் மனனம் செய்துவிட்டு அப்புறம் பள்ளிக்கு வருகிறேன் என்கிறார்கள், பிறகு வராமலே போகிறார்கள். இந்தப் பயம் புதியதல்ல. குர்ஆனிலிருந்து ஒன்றையும் என்னால் மனத்தில் இருத்திக்கொள்ள முடியவில்லை, எனக்குப் போதுமானதைக் கற்றுத்தாருங்கள் என்று ஒருவர் நபிகளிடமே வந்து நின்றிருக்கிறார். அப்துல்லாஹ் இப்னு அபீ அவ்ஃபா அறிவிக்கிறார், அபூதாவூதில் இருக்கிறது. ஸுப்ஹானல்லாஹ், அல்ஹம்துலில்லாஹ், லாஇலாஹ இல்லல்லாஹ், அல்லாஹு அக்பர், இவற்றோடு இறைவனைத் தவிர ஆற்றலும் வலிமையும் இல்லை என்ற சொல்லையும் கற்றுத்தந்தார்கள். அவர் விடவில்லை. இவையெல்லாம் இறைவனுக்கு, எனக்கென்று என்ன இருக்கிறது என்று கேட்டார். கருணை, உணவு, நலம், நேர்வழி இவற்றை வேண்டிக்கொள்ளச் சொன்னார்கள். அவர் எழுந்து போகும்போது எதையோ பற்றிக்கொண்டதுபோலக் கையை வைத்துக்காட்டினார். இவர் தன் கையை நன்மையால் நிரப்பிக்கொண்டார் என்று நபிகள் சொன்னார்கள். கூச்சமில்லாமல் தனக்குரியதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போகும் அந்த மனிதரை எனக்கு மிகவும் பிடிக்கும். சட்டப் புத்தகங்களும் இவரை மறக்கவில்லை. ஹனஃபி மத்ஹபில் இமாமுக்குப் பின்னால் நிற்பவர் ஓதவேண்டியதில்லை, இமாமின் ஓதல் அவருக்கும் சேரும். ஷாஃபிஈயில் பின்னால் நிற்பவரும் ஃபாத்திஹா ஓதியாகவேண்டும். ஆனால் அது வராதவர் தெரிந்த வேறு ஏழு வசனங்களை ஓதலாம், அதுவும் வராதவர் திக்ருகளைச் சொல்லலாம், அதுவும் வராதவர் ஃபாத்திஹா ஓதும் நேரம்வரை சும்மா நின்றாலே போதும். இது நிரந்தரமான சலுகையல்ல, கற்றுக்கொள்ளும்வரைக்குமானது. சல்மான் ஃபார்ஸி பாரசீகர்களுக்காக ஃபாத்திஹாவைப் பாரசீகத்தில் எழுதிக்கொடுத்தார், நாக்கு பழகும்வரை அவர்கள் அதை ஓதினார்கள் என்ற ஒரு செய்தியை ஹனஃபி அறிஞர் ஸரக்ஸி தன் ‘மப்ஸூத்’ நூலில் எடுத்துக்காட்டுகிறார். அந்தச் செய்தியின் பலத்தைப் பற்றியும் அதிலிருந்து எடுக்கும் சட்டத்தைப் பற்றியும் விவாதம் உண்டு. ஆனால் நாக்கு பழகுவதற்கு நாளாகும் என்பதை அந்தக் காலத்துச் சட்ட அறிஞர்கள் கணக்கில் எடுத்திருந்தார்கள் என்பதில் விவாதமில்லை. தெரிந்தபின் வருகிறேன் என்பதற்கு அவர்கள் யாரும் இடம் கொடுக்கவில்லை. வந்து நின்றபடியே தெரிந்துகொள்வதற்குத்தான் வழி செய்தார்கள்.

இனி ஃபாத்திஹாவைக் கற்கும் முறை. தமிழ் எழுத்தில் அச்சிட்ட தொழுகை நூலைக் கையில் வைத்துக்கொண்டு கற்கிறார்கள். அது இல்லாமல் தொடங்குவது கடினம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்பதைச் சொல்லித்தான் கொடுக்கவேண்டும். குறில் நெடிலைத் தமிழ் எழுத்து நன்றாகவே காட்டும். ஒற்று இரட்டிப்பதையும் காட்டும். அரபியில் தொண்டையின் நடுவிலிருந்து வரும் ஹாவும் அடியிலிருந்து வரும் ஹாவும் வெவ்வேறு எழுத்துகள், தமிழில் இரண்டும் ஒரே ‘ஹ’. ஃபாத்திஹாவில் இரண்டுமே வருகின்றன. கடைசி வசனத்தின் கடைசிச் சொல்லை நம் முன்னோர் ரமளான், ஒளு, ஃபர்ளு என்பவற்றில் எழுதியதைப்போலவே ‘ள’ போட்டு எழுதினார்கள், இன்னொரு நூல் ‘ழ’ போடும், மூன்றாவது நூல் ‘த’ போடும். இரண்டு நூல்களை ஒப்பிட்டுப் பார்க்கும் புதியவர் இவை வெவ்வேறு சொற்கள் என்றே நினைத்துக்கொள்கிறார். நாக்கு எங்கே படுகிறது என்பதைக் கண்ணால் பார்த்தால்தான் தெரியும். இதைவிட முக்கியமானது உயிரோசை. கடைசி வசனத்தில் இறைவனை நோக்கி, நீ அருள்புரிந்தவர்களின் வழி என்று வருமிடத்தில் சொல் ‘த’ என்று முடியவேண்டும். அதைத் ‘து’ என்று முடித்தால் அருள்புரிந்தவர் ஓதுகிறவரே என்று பொருள் புரண்டுவிடும். சொல் முடிவில் உகரத்தை இழுத்துப் பேசிப் பழகிய நம் நாக்குக்கு இது எளிதாக நேரும். சட்டநூல்கள் பொருளைக் கெடுக்கும் பிழைக்கு உதாரணமாக இதையே காட்டுகின்றன. ‘ஹ’வின் இடம் சற்றுப் பிசகுவதை நாளடைவில் திருத்திக்கொள்ளலாம். இந்தத் ‘த’வை முதல் வாரத்திலேயே ஒருவர் கேட்டுத் திருத்திவிடவேண்டும்.

நான் சொல்லித்தரும் வரிசையில் ஒரு வசனத்துக்கு ஒருநாள் என்று கணக்கில்லை. முதல் வசனங்கள் சிறியவை, ரஹ்மான், ரஹீம் என்று ஏற்கெனவே காதில் விழுந்த சொற்கள் உள்ளவை, விரைவில் வந்துவிடும். நடுவில் வணங்குவதையும் உதவி தேடுவதையும் சொல்லும் வசனத்தில் முதல் சொல்லின் யகரம் அழுத்தி ஒலிக்கவேண்டும், அங்கே சற்று நிற்கவேண்டும். கடைசி வசனம் மற்றவை அனைத்துக்கும் ஆன காலத்தைத் தனியாகக் கேட்கும். அதை அவசரப்படுத்தக்கூடாது. கற்றுக்கொடுப்பவர் மோதினாராக இருக்கலாம், மதரஸா போகும் பத்து வயதுப் பிள்ளையாகவும் இருக்கலாம். இங்கே வயதுவந்தவர்கள் கூசுகிறார்கள். ஒரு பொடியனிடம் உட்கார்ந்து ஓதுவதா என்று தயங்குகிறார்கள். அம்ர் இப்னு ஸலமா என்ற சிறுவர் தன் கூட்டத்தாரிலேயே அதிகம் குர்ஆன் தெரிந்தவராக இருந்ததால், ஆறேழு வயதில் பெரியவர்களுக்கெல்லாம் இமாமாக நின்று தொழவைத்தார் என்பது புகாரியில் உள்ள செய்தி. வழிப்போக்கர்களிடம் கேட்டுக் கேட்டே அவர் மனனம் செய்திருந்தார். ஃபாத்திஹா உள்ளே இறங்கிவிட்டதா என்று அறிய எனக்கு ஒரு வழி தெரியும். முதலிலிருந்து ஒப்பிக்கச் சொன்னால் யாரும் ஒப்பித்துவிடுவார்கள். தாமதமாக வந்து ஹவுளில் கால் கழுவிக்கொண்டிருக்கும்போது இமாமின் குரல் நடுவிலிருந்து காதில் விழுகிறது. எந்த வசனம் போகிறது, இன்னும் எத்தனை இருக்கிறது, ஆமீனுக்குள் வரிசையில் சேரமுடியுமா என்று அவருக்குத் தெரிந்துவிட்டால் அது இறங்கிவிட்டது. தெரியாவிட்டால் இன்னும் சில மக்ரிப்கள் ஆகவேண்டும், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் இன்னொரு தொந்தரவு வந்து சேரும். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ வெளியே செருப்பு மாட்டும்போது யாராவது ஒருவர் தோளைத் தொட்டு, நீங்கள் கையை வயிற்றுக்குக் கீழே கட்டுகிறீர்கள், நெஞ்சில்தான் கட்டவேண்டும் என்பார். இன்னொருவர் அத்தஹிய்யாத்தில் விரலை ஏன் அசைக்கவில்லை என்பார், மூன்றாமவர் ஏன் அசைத்தீர்கள் என்பார். தமிழ்நாட்டுப் பள்ளிவாசல்களில் இந்த வாதங்கள் எவ்வளவு வீடுகளையும் ஊர்களையும் பிரித்தன என்பது நமக்குத் தெரியும். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் ஷாஃபிஈ வழியில் தொழுவார்கள், உள்மாவட்டங்களில் ராவுத்தர்கள் ஹனஃபி வழியில் தொழுவார்கள், ஹதீஸை நேரடியாகப் பார்த்து நடக்கிறோம் என்கிறவர்கள் வேறுவிதமாகத் தொழுவார்கள். இந்த வேறுபாடுகளுக்கு ஆதாரங்களும் நூற்றாண்டுக் கணக்கான ஆய்வுகளும் உண்டு, அவற்றை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஃபாத்திஹா முழுதாக வராத ஒருவரின் கையில் அதைத் திணிப்பது அவருக்குச் செய்யும் அநியாயம். அவருக்கு எடைபோடும் கருவி இன்னும் கைக்கு வரவில்லை. யார் கடைசியாகப் பேசினாரோ அவரை நம்புவார், அடுத்த வாரம் இன்னொருவர் பேசும்போது முதல் ஆளை மட்டுமல்ல, தன் முடிவையே சந்தேகிக்கத் தொடங்குவார். அப்படிச் சந்தேகித்து வருவதை நிறுத்திவிட்டவர்கள் உண்டு. அதனால் நான் சொல்வது: உங்கள் வீட்டுக்கு அருகில் எந்தப் பள்ளி இருக்கிறதோ, அங்கே பக்கத்தில் நிற்பவர் கையை எங்கே கட்டுகிறாரோ அங்கே கட்டுங்கள். யாராவது நிறுத்திக் கேட்டால், நான் இன்னும் ஃபாத்திஹா படித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டு சலாம் கூறி நடந்துவிடுங்கள்.

கற்பதன் பாதி பள்ளியில் நடக்கிறதென்றால் மறுபாதி அவர் புறப்பட்டு வந்த வீட்டில் நடக்கிறது. நம் பேச்சுகள் அந்த வீட்டைப் பற்றி வாயே திறப்பதில்லை. கலிமா சொன்னவரின் தாய் இன்னும் அந்த வீட்டில் இருக்கிறாள், மகன் தன்னை விட்டுப் போய்விட்டான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். பெயரை மாற்றியாகவேண்டும் என்று நாம் அவனை அவசரப்படுத்தும்போது, அவள் வைத்த பெயரைத்தான் அவன் அவளெதிரில் கழற்றி வைக்கிறான். பெயரின் பொருள் மார்க்கத்துக்கு மாறானதாக இருந்தால் மாற்றவேண்டும். இல்லையென்றால் அது கடமையல்ல, தோழர்களில் பெரும்பாலோர் இஸ்லாத்துக்கு முன் தமக்கிருந்த பெயரோடுதான் வாழ்ந்தார்கள். அரசிதழ், சான்றிதழ் விவகாரங்கள் தனி, அவற்றுக்கு விவரம் தெரிந்தவரிடம் நிதானமாகக் கேட்டுக்கொள்ளலாம். அபூபக்ரின் மகள் அஸ்மாவிடம், குறைஷிகளோடு உடன்பாடு நிலவிய காலத்தில், அவருடைய தாய் மதீனாவுக்கு வந்தார். அந்த அம்மா இஸ்லாத்தை ஏற்காதவர், மகளிடமிருந்து ஏதோ எதிர்பார்த்து வந்தவர். அஸ்மா தயங்கி நபிகளிடம் கேட்டார், தாயுடன் உறவு பேணிக்கொள்ளும்படி பதில் வந்தது. இணைவைக்கச் சொல்லிப் பெற்றோர் வற்புறுத்தினால் அதில் கீழ்ப்படியாதே, ஆனால் இந்த உலகில் அவர்களோடு நல்லமுறையில் இரு என்ற கட்டளை குர்ஆனின் லுக்மான் அத்தியாயத்தில் வருகிறது. இதை நான் ஒளுவுக்கும் முன்னால் சொல்ல விரும்புகிறேன். மக்ரிப் முடிந்து வீட்டுக்குப் போய், அம்மா பரிமாறும் சோற்றையும் குழம்பையும் சாப்பிடுங்கள், அறுத்த இறைச்சியைப் பற்றி மட்டும் அவரிடம் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளுங்கள். அவருக்கு மருந்து வாங்கிக் கொடுப்பதும் மருத்துவமனைக்குக் கூட்டிப்போவதும் நேற்றுவரை எப்படி இருந்ததோ அதைவிட ஒருபடி கூடுதலாக இருக்கட்டும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு அந்தக் கூடத்தின் மறுபக்கத்தைப் பார்க்கும்போது என் உறுத்தல் மறுபடி தலைதூக்குகிறது. பெண்களும் வந்து அமர்ந்திருக்கிறார்கள். மக்ரிபுக்கு வந்துவிடுங்கள் என்று நான் யாரைப் பார்த்துச் சொல்கிறேன்? தமிழ்நாட்டின் பல பள்ளிவாசல்களில் பெண்கள் வந்து தொழ இடமில்லை. என் வழி முழுக்கக் காதையும் பக்கத்து ஆளின் கையையும் நம்பியிருக்கிறது, அவர்களுக்கு இரண்டுமே இல்லை. ஆணுக்கு நான் வேண்டாமென்று விலக்கிய அந்தப் புத்தகப் பைதான் பெண்ணுக்கு மிஞ்சுகிறது. மாதவிலக்கு நாள்களில் தொழுகை இல்லை, விட்ட தொழுகையைப் பின்னர் நிறைவேற்றவேண்டியதும் இல்லை, விட்ட நோன்பை மட்டும் பின்னர் நோற்கவேண்டும் என்ற எளிய செய்தியைக்கூட அவள் ஓர் ஆணிடம் கேட்கக் கூசி, தெரியாமலே மாதங்களைக் கடத்துகிறாள். காயல்பட்டினத்தில் பெண்களுக்கென்றே தைக்காக்கள் உண்டு, அங்கே அவர்கள் கூடித் தொழுகிறார்கள், ஓதுகிறார்கள். எல்லா ஊரிலும் அப்படியில்லை. ஆயிஷா நாயகியும் உம்மு ஸலமா நாயகியும் பெண்களுக்குத் தொழவைத்ததாகவும், முன்னால் தனித்து நிற்காமல் பெண்களின் வரிசை நடுவிலேயே நின்றதாகவும் செய்திகள் வந்திருக்கின்றன. ஷாஃபிஈ மத்ஹப் பெண்களின் இந்த ஜமாஅத்தை விரும்பத்தக்கதாகச் சொல்கிறது. ஹனஃபி நூல்கள் இதை வெறுக்கத்தக்கதாகச் சொல்கின்றன, ஆனாலும் தொழுதால் தொழுகை கூடிவிடும் என்கின்றன. ஆகவே ஷாஃபிஈ ஊர்களில் வழி திறந்தே கிடக்கிறது, யாரும் நடப்பதில்லை. ஹனஃபி ஊர்களில் ஜமாஅத்தாகத் தொழாவிட்டாலும், ஓதத் தெரிந்த ஒரு பெண் மக்ரிப் நேரத்தில் புதியவளைத் தன் வீட்டுக்கு அழைத்து, பக்கத்தில் உட்காரவைத்து, ஃபாத்திஹாவைக் குரலெடுத்து ஓதிக்காட்ட எந்தத் தடையும் இல்லை. வரவேற்புப் பேச்சை ஏற்பாடு செய்கிறவர்களிடம் இப்போது நான் கேட்பது இதுதான். என்னைப் பேச அழைப்பதற்கு முன்னால், அந்தத் தெருவில் அப்படிக் கதவைத் திறந்துவைக்க ஒப்புக்கொள்ளும் பெண்களின் பெயர்களை எழுதி வாங்கிவிடுங்கள். தேநீர் தரும்போது, அங்கே வந்திருக்கும் ஒவ்வொரு பெண்ணிடமும் அவற்றில் ஒரு பெயரையும் வீட்டு முகவரியையும் கொடுத்தனுப்புங்கள்.